தொங்கும் எச்சமும் கவர்சுட்டும்: கையேட்டு வாக்கியங்களில் இரு பிழைகளின் சொல் விளக்கம்

"பதிவிறக்கிய கோப்பைத் திறந்து, நிறுவல் தொடங்கும்." தமிழக-கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தில் கணக்கெழுதப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுடன் அமர்ந்து, ஒரு கணக்கு மென்பொருளின் தமிழ்க் கையேட்டைப் படித்தபோது முதல் பக்கத்திலேயே இந்த வாக்கியம் இருந்தது. அவர் உடனே கேட்டார்: "நான் திறக்கணுமா, அதுவே திறந்துக்குமாங்க?"

அவரைத் தடுக்கிய பிழையை ஆங்கில இலக்கணம் டேங்ளிங் மாடிஃபையர் என்கிறது. டேங்கிள் என்பது பிடிமானமின்றித் தொங்கி ஆடுவது. டேனிய, சுவீடிய மொழிகளிலும் இதே ஓசையுடைய வினை உண்டு. மாடிஃபையர் என்பதன் வேர், அளவு என்று பொருள்படும் மோடுஸ் என்ற இலத்தீன் சொல். ஒன்றன் பொருளை அளவிட்டு வரையறுக்கும் சொல்லைத் தமிழில் அடை என்போம். ஆகவே 'தொங்கும் அடை' என்று பெயர்த்துவிடலாம். ஆனால் தமிழ் வாக்கியத்தில் இப்படித் தொங்குவது பெரும்பாலும் வினையெச்சமே. எஞ்சி நிற்பதும், தன்னை முடித்துவைக்கும் வினைக்காகக் காத்திருப்பதுமே எச்சம். செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாடுகளைப் பற்றித் தொல்காப்பியம் "முதனிலை மூன்றும் வினைமுதன் முடிபின" என்கிறது. அதாவது எச்சத்தின் செயலைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும். மேலே கண்ட வாக்கியத்தில் திறப்பவர் பயனர், தொடங்குவதோ நிறுவல். எனவே 'வினைமுதல் பிறழ்ந்த எச்சம்' என்பதே இதற்குப் பொருந்தும் தமிழ்ப் பெயர் என்று கருதுகிறேன். பெயரைக் கேட்டவுடனே பிழை எங்கே என்பதும் விளங்கிவிடும்.

"மழை பெய்து குளம் நிறைந்தது" என்று நாம் சொல்வதில்லையா என்று கேட்கலாம். சொல்கிறோம், அங்கே 'பெய்து' என்பதை 'பெய்ய' என்று கொண்டு பொருள் காண்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம் என இரண்டுக்கும் உரிய எழுவாய்கள் வாக்கியத்திலேயே நிற்பதால் யாரும் தடுமாறுவதில்லை. கையேட்டிலோ திறப்பவர் யாரென்று சொல்லப்படுவதே இல்லை. மென்பொருளை அறிந்தவர் அந்த இடத்தைத் தாமே நிரப்பிக்கொள்வார், புதியவரால் அது முடியாது. "பதிவிறக்கிய கோப்பை நீங்கள் திறந்ததும், நிறுவல் தானாகத் தொடங்கும்" என்று எழுதினால் யாருடைய வேலை எது என்பது தெளிவாகிவிடும்.

இரண்டாவது பிழை சுட்டுப்பெயரில் நேர்வது, ஆங்கிலத்தில் ஆம்பிக்யூயஸ் ப்ரோநௌன் எனப்படுவது. ப்ரோநௌன் என்ற ஆங்கிலச் சொல், பெயருக்கு ஈடாக நிற்பது என்ற பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. எங்கள் எல்லைப்புறத்தில் மலையாள வழியில் படித்தவர்கள் இதைச் சர்வநாமம் என்பார்கள். தெலுங்கிலும் அதே சொல்தான். எல்லாவற்றுக்கும் ஆன பெயர் என்பது அதன் பொருள், ஆபத்து இருப்பதும் அதில்தான். ஆம்பிக்யூயஸ் என்பதன் இலத்தீன் மூலத்தில் இரு பக்கமும் செல்வது என்ற கருத்து உள்ளது; நம்மிடமும் பிரிந்து செல்லும் வழி கவர்வழி, இருபட நிற்கும் பொருள் கவர்பொருள். அதனால் ஐயம் தரும் சுட்டுப்பெயரைக் 'கவர்சுட்டு' என்று அழைக்கிறேன்.

அதே கையேட்டில் இருந்தது: "பழைய கணக்குக் கோப்பை நகலெடுத்துக் காப்புக் கோப்புறையில் வைத்தபின் அதை நீக்கவும்." எதை நீக்குவது? பழைய கோப்பையா, நகலையா, கோப்புறையையா? மென்பொருளில் உள்ளவை எல்லாமே அஃறிணை என்பதால், அவன், அவள் என்று பிரித்துக் காட்டும் உதவி இங்கே கிடைக்காது. நகல் என்பது தனிப் பெயராகக்கூட நிற்காமல் 'நகலெடுத்து' என்ற வினைக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தப் பெண், 'அதை' என்பதற்கு மிக அருகில் நின்ற பெயரான கோப்புறையையே நீக்கிவிட்டார். நகலும் அதனுடன் போயிற்று. மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்திருக்கவில்லை என்பதால் மீட்டுவிட்டோம்.

இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வர வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. "சாத்தன் வந்தான், அவற்குச் சோறு கொடுக்க" என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. முன்னே ஒரே பெயர் நிற்பதால் ஐயமில்லை. கையேட்டு வாக்கியமும் இந்த விதியை மீறவில்லை, ஆனால் முன்னே நிற்கும் பெயர்கள் பல. அப்படிப்பட்ட இடத்தில் சுட்டை விட்டுப் பெயரையே மீண்டும் எழுத வேண்டும்: "பழைய கணக்குக் கோப்பை நகலெடுக்கவும். நகலைக் காப்புக் கோப்புறையில் ஒட்டவும். நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தபின், பழைய கணக்குக் கோப்பை மட்டும் நீக்கவும்." பெயர் திரும்பத் திரும்ப வருவது கட்டுரையில் குறையாகத் தோன்றலாம், கையேட்டில் அது குறையே அன்று.

எழுதி முடித்தபின் `Ctrl+F` கொண்டு அதை, அதனை, அதில், இதை ஆகியவற்றைத் தனித்தனியே தேடி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் எத்தனை அஃறிணைப் பெயர்கள் நிற்கின்றன என்று எண்ணுகிறேன். ஒன்றே நின்றால் சுட்டு அப்படியே இருக்கலாம். பெயரை மீட்டு எழுதும்போது இன்னொரு சிக்கலும் தெரிந்தது: கோப்பு, கோப்புறை என்னும் இரண்டும் கண்ணுக்கும் காதுக்கும் மிக நெருங்கியவை. ஆகவே பால் சங்கத்துக்காகத் திருத்திய படியில் கோப்புறை வந்த இடமெல்லாம் ஃபோல்டர் என்று மாற்றினேன்.