காய்ச்சினாலும் போகாத மாசு

"காய்ச்சித்தானே கொடுக்கிறோம் சார், அப்புறம் என்ன?" தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நீர் மாசுபாடு பற்றிக் கட்டுரை எழுத விவரம் கேட்டு வரும் மாணவர்களும், தீர்வு என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியாக "நீரைக் காய்ச்சிப் பருக வேண்டும்" என்று எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள்.

போன மாதம் வந்த ஒரு கிணற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மாதிரித் தெளிவு. வாடையும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டில் மூன்று மாதக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால் பவுடர் கலக்கிறார்கள். சோதித்தால் லிட்டருக்கு 84 மில்லிகிராம் நைட்ரேட். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு 50.

இப்போது காய்ச்சும் கதைக்கு வருவோம். காய்ச்சினால் கிருமி சாகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நைட்ரேட் கிருமி இல்லை, உப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். அந்த வீட்டில் ஒன்றரை லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சுகிறார்களாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றரை லிட்டரில் இருந்த 126 மில்லிகிராமும் இப்போது ஒரே லிட்டரில். அக்கறையாகக் கூடுதல் நேரம் காய்ச்சக் காய்ச்ச, குழந்தைக்குப் போகும் நைட்ரேட்டின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகிறது. குளோரின் போட்டாலும், புற ஊதா விளக்கு வைத்தாலும், கரி வடிகட்டி மாட்டினாலும் நைட்ரேட் அசையாது.

பெரியவர்கள் உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையால் முடியாது. உள்ளே போகும் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். கிணற்று நைட்ரேட்டுக்கும் இந்த நீலத்துக்கும் உள்ள தொடர்பை 1945-லேயே அமெரிக்காவின் அயோவாவில் கோம்லி என்ற மருத்துவர் எழுதிவிட்டார். உதடு நீலமாகத் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கொடுத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவு நைட்ரேட் எங்கிருந்து வந்தது? வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியவை யூரியா போன்ற உரம், மாட்டுத் தொழுவத்து எருக்குழி, செப்டிக் டேங்க். மூன்றிலும் இருக்கும் நைட்ரஜனை மண்ணிலுள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றிவிடும். மண் துகள் பொதுவாக நெகட்டிவ் மின்னூட்டம் கொண்டது, நைட்ரேட்டும் அப்படியே. ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும், அதனால் மண்ணில் ஒட்டாது. மழையோடு நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். பயிர் எடுத்துக்கொள்வதற்கு மேல் கொட்டும் உரத்துக்கும் இதே வழிதான். (ஏரி குளத்துக்குப் போனால் பாசி பெருகி, விடியற்காலையில் ஆக்சிஜன் வற்றி, மீன் மிதக்கும். அது தனிக் கட்டுரை.)

இந்தக் கிணற்றில் நைட்ரேட்டோடு குளோரைடும் கூடுதல், மலத்தில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவும் இருந்தது. மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் கழிவுநீர் மேல்தான். போய்ப் பார்த்தால், கிணற்றிலிருந்து எட்டு மீட்டரில், மேட்டுப் பக்கம், உறிஞ்சு குழி. குறைந்தது 15 மீட்டராவது வேண்டும். மணலோ வெடிப்புப் பாறையோ என்றால் அதுவும் போதாது.

அந்த வீட்டுக்குச் சொன்னது இது. இன்றைக்கே குழந்தைக்கு வேறு தண்ணீர். கிணறுதான் கதி என்றால் ஆர்.ஓ. வேண்டும்; அது நைட்ரேட்டின் பெரும்பகுதியைப் பிடிக்கும். மாட்டிய பிறகு வெளிவரும் தண்ணீரையும் சோதியுங்கள், சவ்வு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது வெளியேற்றும் கழிவுநீரைக் கிணற்றோரம் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. உறிஞ்சு குழியைக் கிணற்றைவிடப் பள்ளமான பக்கத்துக்கு, தள்ளி மாற்றுங்கள். மாற்றியதும் கிணறு சுத்தமாகிவிடாது. ஏற்கெனவே இறங்கியது வெளியேற வருடங்கள்கூட ஆகலாம். ஆகவே குழியை மாற்றுவதுதான் தீர்வு, ஆர்.ஓ. அதுவரைக்குமான முட்டு.

சோதனைக்குக் கொடுக்கும்போது "நைட்ரேட் பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டி.டி.எஸ். மீட்டரை முக்கி நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். எல்லா உப்பையும் சேர்த்து ஒரு எண் காட்டுமே தவிர, எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. குளிர்பான பாட்டிலில் பிடித்து வராதீர்கள். சுத்தமான பாட்டிலில், ஐஸ் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடையில் ஒரு முறை.