தராசு ஒன்றுதான், சீட்டு இரண்டு: எஸ்டேட்டில் புது முறையை அறிவிக்கும்போது

ஏற்காட்டுக் காபி எஸ்டேட் ஒன்றில் மாலை 5 மணிக்கு ஒரே தடவை பழம் எடை போடுவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். இனி பகல் 12.30க்கும் மாலை 4க்கும் என இரண்டு தடவை போட முடிவாகிறது. பறித்த பழம் சாக்கில் மணிக்கணக்கில் கிடந்தால் சூடேறிப் புளிக்கத் தொடங்கும், கொட்டையிலும் அந்த வாடை ஏறிவிடும். ஒரே நேரத்தில் வந்து குவிந்தால், பழத்தோலை உரிக்கும் பல்பர் மெஷினை ஓட்டி முடிக்க நள்ளிரவாகும். இந்தக் காரணத்தை நோட்டீஸில் இரண்டே வரியில் சொன்னால் போதும்.

ஆனால் பறிப்பவர்களின் மனதில் ஓடுவது வேறு கணக்கு: “கூலி குறையுமா?” இதற்கு நோட்டீஸில் பதில் இல்லையென்றால், டீக்கடையில் யாரோ ஒருவர் பதில் சொல்லிவிடுவார்.

நாள் நிர்ணயம் 50 கிலோ, அதற்கு மேல் பறிப்பதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்கூலி இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்குப் பகலில் 32 கிலோ, மாலையில் 28 கிலோ. பகல் எடைச் சீட்டைப் பார்த்ததுமே ‘50 வரவில்லையே’ என்று பயப்படுவார். மொத்தம் 60, தனிக்கூலி 10 கிலோவுக்கு என்பதை இதே எண்களோடு எழுதிக் காட்டுங்கள். சாக்கு எடை இரண்டு தடவை கழிவதும் சந்தேகத்தைக் கிளப்பும். காலி சாக்கை அவர்கள் கண்முன்னே தராசில் வைத்து, வந்த எடையை மட்டும் கழியுங்கள். நனைந்த சாக்கு கனக்கும் என்பதால் குத்துமதிப்பாகக் கழிக்கக் கூடாது.

தராசுப் பக்கம் ஒட்டும் நோட்டீஸ் இப்படி இருக்கலாம்:

“டிசம்பர் 1, திங்கள் முதல் பழம் பகல் 12.30க்கும் மாலை 4க்கும் எடை போடப்படும். பழம் சூடேறிப் புளிக்காமல் அன்றன்றே பல்பரில் போடுவதற்காக இந்த மாற்றம். இடமும் கிலோக் கூலியும் மாறவில்லை. இரண்டு சீட்டையும் கூட்டியே நாள் கணக்கு: பகல் 32, மாலை 28 என்றால் மொத்தம் 60 கிலோ, தனிக்கூலி 10 கிலோவுக்கு. சனிக்கிழமை வரை பறித்தது பழைய முறைப்படி. எடையில் சந்தேகமென்றால் அங்கேயே சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கூலிக் கணக்குக்கு ரைட்டர், தினமும் மாலை 5 முதல் 5.30 வரை, ஆபீஸில்.”

‘அடுத்த வாரம் முதல்’ என்று எழுதினால் ஆளுக்கொரு நாள் புரிந்துகொள்வார்கள். ‘ஆபீஸில் கேட்கவும்’ என்பதும் பதிலே இல்லை. ரைட்டர் லீவு போட்டால் யாரிடம் கேட்பது என்பதையும் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முந்தின நாளே சூப்பர்வைசர்களை உட்காரவைத்து அந்த 32, 28 கணக்கை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். முதல் கேள்வி அவர்களிடம்தான் வரும். “எனக்கும் தெரியாது, ஆபீஸில் போட்டிருக்காங்க” என்று ஒருவர் சொன்னால் போதும், அன்று பகல் எடைக்குப் பாதிச் சாக்குதான் வரும். வாசிக்கத் தெரியாதவர்களும் தமிழ் தெரியாத வெளியூர் ஆட்களும் இருப்பார்கள். ஆகவே காலையில் பேர் கூப்பிடும்போது வாயாலும் சொல்ல வேண்டும், அதுவும் மூன்று நாள் தொடர்ந்து. வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம், மலைச்சரிவில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.

புது முறையில் முதல் கூலி நாளன்று ரைட்டர் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரட்டும். பகல் சீட்டைத் தொலைத்துவிட்டு வருபவர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள். தராசு நோட்டில் இரண்டு எடையும் ஒரே வரியில் பதிவாகியிருந்தால் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.