தாத்தாவுக்கு விடியல், பேத்திக்கு நள்ளிரவு

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மே மாதம் 14 நாள் விடுமுறை. நாலரைக்கே எழுந்துவிடும் மாமனார், வெயிலுக்கு முன் ராயக்கோட்டை மலையேற வேண்டும் என்கிறார். 16 வயது மகளோ பத்து மணிக்குத்தான் கண் திறக்கிறாள். எந்த நாள் சுற்றுவது, எந்த நாள் ஓய்வெடுப்பது?"

முதல் 3 நாள் எங்கும் போகாதீர்கள், அலாரமும் வைக்காதீர்கள். பள்ளி நாட்களில் சேர்ந்த தூக்கக் கடன் அப்போதுதான் தீரும். பிறகு 2 நாள், அவரவர் தூங்கிய நேரத்தையும் தானாக எழுந்த நேரத்தையும் குறித்து, தூக்கத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிடுங்கள். அவரவர் உடல் கடிகாரம் எங்கே நிற்கிறது என்பதை அது காட்டும். ஒன்பதுக்குப் படுத்து நாலரைக்கு எழும் தாத்தாவுக்கு அது 12.45. இரண்டுக்குத் தூங்கிப் பத்துக்கு எழும் பேத்திக்குக் காலை 6. ஒரே வீட்டில் ஐந்தேகால் மணி நேர இடைவெளி!

"சூரியனைக் காட்டினால் சரியாகிவிடுவாள்" என்று தாத்தா சொல்லக்கூடும். இங்கேதான் உடல் கடிகாரத்தின் மிக அழகான குணம் வெளிப்படுகிறது. நம் உடல் வெப்பநிலை, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அன்றைய அடிமட்டத்தைத் தொடும். கண்ணில் விழும் வெளிச்சத்தை மூளையின் கடிகாரம் அந்தப் புள்ளியை வைத்தே புரிந்துகொள்கிறது. அதற்குப் பின் வரும் வெளிச்சம் விடியலாகி, கடிகாரத்தை முன்னே நகர்த்தி, தூக்கத்தைச் சீக்கிரம் வரவைக்கிறது. அதற்கு முன் வரும் வெளிச்சமோ இன்னும் முடியாத மாலையாகி, பின்னே தள்ளி, தூக்கத்தைத் தாமதமாக்குகிறது. தாத்தாவுக்கு அடிமட்டம் இரண்டு மணியை ஒட்டியே கடந்துவிடுகிறது. பேத்திக்கு அது ஏழு, எட்டு மணி. ஆறு மணிக்கு மலையில் அவள் பார்க்கும் சூரியன், அவள் மூளைக்கு அந்திச் சூரியன். திரும்பி வந்து திரையை இழுத்துவிட்டுத் தூங்கினால், உதவக்கூடிய ஒன்பது மணி வெளிச்சமும் போய்விடும். அன்றிரவு தூக்கம் இன்னும் தாமதமாகும்.

விடிந்தும் தூங்கும் பிள்ளையை 'மூதேவி' என்று திட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. பதின்வயதில் கடிகாரம் பின்னோக்கி நகர்வது உடலின் வளர்ச்சி, குணக்கேடு அல்ல.

ஆகவே மீதி 9 நாட்களில், மலைக்குத் தாத்தாவும் துணைக்கு ஒருவரும் போகட்டும். எல்லோரும் சேர்ந்து போக மாலை நான்கிலிருந்து ஆறரை வரை ஏற்றது; கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கு அது போதும். ஒகேனக்கல்லுக்கு முந்தைய நாளே போய்த் தங்குங்கள். விடியலில் தாத்தா அருவியைப் பார்க்கட்டும். பரிசலில் மூன்று மணிக்கு மேல் எல்லோரும் ஏறலாம். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள் என்பதால், இன்னொரு நாளையும் கையில் வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை தாத்தாவுக்காக. இரவு பதினொன்று வரை அவரை விழிக்கவைத்தாலும் அவர் கடிகாரம் நாலரைக்கே எழுப்பிவிடும். இழந்த 2 மணி நேரத்தைக் காலையில் ஈடுகட்ட முடியாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் கண் சொக்குவது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் காலை ஒன்பது மணிக்கே பஸ்ஸில் தாத்தாவின் தலை சாய்ந்தால், தூக்கம் போதவில்லை என்று பொருள்; மறுநாள் அவருக்கு ஓய்வு நாள்.