சுவீப்: வீச்சு விட்டம்

மின்விசிறிப் பெட்டியின் மேல் ‘சுவீப் 1200 மி.மீ.’ என்று அச்சிட்டிருப்பது ஓர் இறக்கையின் நீளத்தை அன்று. விசிறி சுழலும்போது இறக்கை நுனிகள் வரைகின்ற வட்டத்தின் விட்டத்தை. கடைகளில் இதையே நாற்பத்தெட்டு இஞ்ச் ஃபேன் என்பார்கள்.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அடிப்பொருள் பெருக்குதல். துடைப்பம் ஒரே இழுப்பில் கடக்கும் அகலத்தைப் போல, அசையும் ஒன்று தழுவிச் செல்லும் எல்லைக்கும் அது ஆகிவந்தது. வாள்வீச்சு, கைவீச்சு என்று நாம் சொல்லும் ‘வீச்சு’ இதற்கு நன்கு பொருந்துகிறது. காற்று வீசுவதும் அதே வினைதான். ஆனால் இயற்பியல் பாடத்தில் அலைவின் ‘வீச்சு’ என்பது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் மட்டும் செல்லும் அளவு, அதாவது மொத்தத்தில் பாதி. அந்த மயக்கம் நேராதிருக்க ‘வீச்சு விட்டம்’ என்று முழுமையாகச் சொல்வதே என் பரிந்துரை.

அளப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. மூன்று இறக்கை விசிறியில் ஓர் இறக்கைக்கு நேரெதிரே இன்னோர் இறக்கை இல்லை. எங்கள் வீட்டுப் பழைய விசிறியை மாற்றும்போது, அடுத்தடுத்த இரு நுனிகளுக்கிடையே டேப்பை நீட்டினேன், 104 செ.மீ. வந்தது, 1050 விசிறி என்று முடிவுகட்டிவிட்டேன். நடு மையத்திலிருந்து நுனிவரை 60 செ.மீ. இருந்ததால் அது உண்மையில் 1200. மையத்திலிருந்து அளந்து இரட்டிப்பதே சரியான முறை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1200 போதும். அதைவிடப் பெரிய கூடத்துக்கு 1400 கேட்கலாம். நீண்டு ஒடுங்கிய கூடமாயின் பெரிய ஒன்றைவிட நடுத்தர அளவில் இரண்டு நல்லவை.

கூரையிலிருந்து எவ்வளவு தாழத் தொங்கவேண்டும் என்பதையும் இந்த விட்டமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. விசிறி தனக்கு மேலிருக்கும் காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்று, கூரைக்கும் இறக்கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகப் பக்கங்களிலிருந்து வந்து சேரவேண்டும். சுற்றிலும் திறந்திருக்கும் அந்த வாயிலின் பரப்பு, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்புக்குச் சமமாக வேண்டுமானால், இடைவெளி விட்டத்தில் கால்பங்கு இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டால் வருகிறது: 1200க்கு 300 மி.மீ., 1400க்கு 350. அதைவிட நெருங்கினால் விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும், கீழே காற்று மெலிந்திருக்கும்.

மறுபுறம், தரையிலிருந்து இறக்கைக்கு எட்டடி, அதாவது 2440 மி.மீ. உயரமாவது விடுவது நல்லது. ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரம் ஒன்பது அடியாக, அதாவது 2743 மி.மீ. ஆகக் குறைந்துவிட்ட அறையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 1200 விசிறியின் இறக்கை 2443இல் நின்று மயிரிழையில் தேறுகிறது. 1400 விசிறியோ 2393க்கு இறங்கிவிடுகிறது. கம்பியைக் குட்டையாக வெட்டி மேலே ஏற்றினால் தலைக்கு மேல் இடம் கிடைக்கும், காற்று வந்துசேர வழி குறையும். எனவே அந்த அறைக்கு 1200தான்.