அம்மாவுக்கு அனுப்பும் குரல் பதிவு: ரீலோட் மீதியும் பெக்கேஜ் முடியும் நாளும்

வெள்ளவத்தையில் கைத்தொலைபேசிக் கடை நடத்தும் என்னிடம் வயதானவர்கள் அடிக்கடி கொண்டுவரும் முறைப்பாடு ஒன்று உண்டு: "தம்பி, சனிக்கிழமை பாக்கேக்க காசு இருந்தது, இப்ப ஒண்டுமில்லை, ஆரோ எடுத்திட்டாங்கள்." பெரும்பாலும் யாரும் எடுத்திருப்பதில்லை. டேட்டா பெக்கேஜ் முடிந்த பிறகும் மொபைல் டேட்டா திறந்தே கிடந்ததால், அதன் கட்டணம் ரீலோட் மீதியிலிருந்து கழிந்துகொண்டே போயிருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மாவின் கதையும் இதுதான். பெக்கேஜ் வெள்ளி இரவு முடிந்திருந்தது. சனிக்கிழமை மீதி 480 ரூபாய் என்று பார்த்து, இலண்டனில் இருக்கும் மகனிடம் "காசு இருக்குதப்பா" என்று சொல்லியிருக்கிறார். மகனும் நிம்மதியாகிவிட்டார். அந்த வார இறுதியில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படங்களைத் தொலைபேசி தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. திங்கள் காலை எஞ்சியது 31 ரூபாய். அந்த அம்மா பார்த்த எண் சரியானதுதான். ஆனால் கையில் உள்ள பணமும் பெக்கேஜ் முடியும் நாளும் இரண்டு வேறு விடயங்கள் என்பதை அவருக்கு எவரும் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை.

மகன் பிறகு, மீதி பார்ப்பது எப்படி என்று விளக்கி நான்கு நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். டேட்டா இல்லாத தொலைபேசிக்கு அது உடனே வந்து சேரவில்லை. ஆகவே இத்தகைய பதிவை, பெக்கேஜ் உயிரோடு இருக்கும் நாளிலேயே அனுப்பி, அம்மா ஒரு முறை கேட்டுவிட்டார் என்று உறுதிசெய்து, வாட்ஸ்அப்பில் நட்சத்திரமிட்டு வைக்கச் சொல்ல வேண்டும். என் கடையில் அந்தப் பதிவைக் கேட்டபோது வேறொரு குறையும் தெரிந்தது: "ஹேஷை அமத்துங்கோ" என்று மகன் சொல்ல, அம்மா அது எந்தப் பொத்தான் என்று தேடி முடிப்பதற்குள் பதிவு மூன்று படிகள் தாண்டிவிட்டது.

அதனால் ஒரு பதிவில் ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். அழுத்துவதற்கு முன் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். டயலொக் இணைப்புக்கு மீதி பார்க்கும் குறியீடு #456#. வேறு நிறுவனமென்றால் அதன் குறியீட்டைப் போட்டுக்கொள்ளலாம். நான் எழுதிக் கொடுத்தது இது:

"அம்மா, முதல்ல ஒரு பென்சிலும் தாளும் எடுங்கோ. நான் சொல்லுறதை எழுதுங்கோ. முதல்ல ஒரு வேலி அடையாளம். அது நம்பர் பலகையில 9க்குக் கீழ வலப்பக்கம் இருக்கு. பிறகு 4, 5, 6. பிறகு திரும்பவும் அதே வேலி. எழுதியாச்சோ? இப்ப இந்தப் பதிவை மூடிப்போட்டு, கோல் எடுக்கிற இடத்தில அதை அப்படியே அமத்தி, பச்சைப் பொத்தானைத் தட்டுங்கோ. திரையில வாற எழுத்தை மூடாமல், அதில இருக்கிற காசையும் திகதியையும் தாளில எழுதி, எனக்கு வாசிச்சு அனுப்புங்கோ."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் "இருக்குது" என்ற ஒரே சொல்தான் பதிலாக வரும். இந்தக் குறியீட்டுக்கு இணையம் தேவையில்லை, சிக்னல் இருந்தால் போதும். எனவே டேட்டா முடிந்த பிறகும் அம்மா தாளைப் பார்த்து மீதியை அறியலாம்.

இரண்டு சிம் போட்ட தொலைபேசிகளில்தான் அதிகம் சிக்கல் வரும். மற்ற சிம்மிலிருந்து அழுத்தினால் "Connection problem or invalid MMI code" போன்ற ஆங்கிலச் செய்தி தோன்றும். தொலைபேசி பழுதாகிவிட்டதென்று அம்மா பயப்படுவார். எந்த சிம் என்பதைப் பதிவிலேயே, "மேல இருக்கிறதைத் தட்டுங்கோ" என்பதுபோல அந்தத் தொலைபேசியின் திரையில் காண்கிறபடி சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அயல்வீட்டுப் பிள்ளையிடம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊகித்துச் சொல்வது அம்மாவைத்தான் குழப்பும்.

மீதியோடு திரையில் வரும் திகதி ரீலோட் பணத்துக்குரியதாகவும் இருக்கலாம், அதைப் பெக்கேஜ் திகதியென்று எண்ணிவிடக் கூடாது. பெக்கேஜ் முடியும் நாளுக்கு, அதை வாங்கியபோது வந்த குறுஞ்செய்தியே நம்பகமான இடம். அதற்கென இரண்டாவது பதிவொன்றை வேறொரு நாளில் அனுப்பலாம். வெளிநாட்டிலிருந்து நீங்களே பெக்கேஜ் போடுபவரானால் இன்னும் எளிது: முடியும் திகதியைச் சொல்லி, அதற்கு முதல் நாள் காலை மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு உங்களுக்குச் சாதாரண அழைப்பில் மிஸ்ட் கோல் கொடுக்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா அந்தத் திகதியைச் சுவரிலுள்ள நாட்காட்டித் தாளில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் #456# என்றும் எழுதிவைத்திருக்கிறார். போன மாதம் ரீலோட் போட வந்தபோது, "தம்பி, இண்டைக்கு 23ஆம் திகதி, 26 வரைக்கும் இருக்கு, இப்ப வேண்டாம்" என்று சொல்லி, பேட்டரிக்கு மட்டும் விலை கேட்டுவிட்டுப் போனார்.