காதில் சொட்டு மருந்து: வழியை மறிக்கும் காற்று

“அஞ்சு நாளா காலையும் ராத்திரியும் போடறேன் சிஸ்டர். சீழ் நிக்கவே இல்ல.”

இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் சொன்னபோது, அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மருந்துப் புட்டி பாதி காலியாகியிருந்தது. ஆனால் காதைப் பார்த்த மருத்துவர், துளையின் வாசலில் மருந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்திருப்பதை எனக்குக் காட்டினார். உள்ளே சீழ் அப்படியே தேங்கியிருந்தது. மருந்து வாசலோடு நின்றுவிட்டிருக்கிறது.

“எப்படிப் போடறீங்கம்மா, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க” என்றேன். மடியில் உட்கார்ந்திருந்த பையனின் தலையை லேசாகச் சாய்த்தார், ஐந்து சொட்டு விட்டார். பையன் தலையை உதறினான். வழிந்ததைப் பஞ்சால் துடைத்தார். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி ஆகியிருக்கும்.

சொட்டு ஏன் உள்ளே போகவில்லை? ஒரு பக்கம் மட்டும் திறந்த குழாய்தான் நம் காதுத் துளை. பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் மறுமுனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. குறுகிய கழுத்துள்ள புட்டியில் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால் வாயிலேயே தேங்கி நின்று, ‘குளுக்’ என்று ஒரு குமிழி வெளியேறிய பிறகே இறங்கும். காதிலும் அதேதான். சொட்டு துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அடியில் உள்ள காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. குழந்தையின் துளை இன்னும் குறுகல் என்பதால் அங்கே ஒரே சொட்டுகூட மூடிபோல நின்றுவிடும்.

அதனால் சொட்டைத் துளையின் நடுவில் விடாமல், பக்கச் சுவரில் பட்டு வழிந்து இறங்கும்படி விட வேண்டும். ஒரு பக்கம் மருந்து இறங்க, மறுபக்கம் காற்று ஏறும்.

அந்தக் குழாய் நேராகவும் இல்லை, சற்றே வளைந்தது. வெளிப்பகுதி குருத்தெலும்பு என்பதால் மடலைப் பிடித்து இழுத்தால் வளைவு நிமிரும். எந்தப் பக்கம் இழுப்பது என்பது வயதைப் பொறுத்தது. பெரியவர்களுக்கும் மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கும் மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதென்றால் காதின் அடிப்பக்கத்தைப் பிடித்துக் கீழ்நோக்கிப் பின்னால். சின்னக் குழந்தைக்குக் குழாயின் எலும்புப் பகுதி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, குழாயின் சாய்வும் வேறு. பெரியவருக்குச் செய்வதுபோல மேலே இழுத்தால் பாதை நிமிராது.

அடுத்தது சூடு. அந்தத் தாய் வீட்டில் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருக்கிறார். பையன் வீறிட்டானாம். அதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை, தலையும் சுற்றியிருக்கலாம். நாம் நிலைதடுமாறாமல் இருக்க உதவும் அரைவட்டக் குழாய்கள் உட்காதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று காதுத் துளைக்கு மிக அருகில் இருப்பது. குளிர்ந்த மருந்து பட்டதும் அந்தக் குழாயின் ஒரு பக்கத்தில் உள்ள திரவம் குளிர்ந்து, கனத்துக் கீழே இறங்குகிறது. தலை அசையவே இல்லை, ஆனால் திரவம் நகர்ந்ததால் தலை சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது. அறை சுற்றும், கண்மணி தானாக ஒரு பக்கம் துடிக்கும், சிலருக்கு வாந்தி வரும். வியன்னாவில் நோயாளிகளின் காதைத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்த ராபர்ட் பாரானி என்ற மருத்துவர் இதைத்தான் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு திசையில் துடித்தது, அதிகம் சூடாக இருந்தால் எதிர்த்திசையில் துடித்தது. உடல் சூட்டில் இருந்தால் ஒன்றுமே ஆகவில்லை. உட்காது பற்றிய அவருடைய ஆய்வுக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே மருந்து உடல் சூட்டுக்கு வந்தால் போதும். புட்டியை மூடிய உள்ளங்கையில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறம் விட்டுப் பாருங்கள், சில்லென்றும் சுடவும் கூடாது. வெந்நீரில் போடுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். புட்டி வெளியே வெதுவெதுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே மருந்து கொதித்திருக்கலாம், செவிப்பறை பொசுங்கிவிடக்கூடும்.

இதையெல்லாம் அந்தத் தாய்க்குச் சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்து மறுபடி செய்தோம். முதலில் கையைக் கழுவிக்கொண்டோம். வாசலில் நின்ற சீழைப் பஞ்சால் ஒற்றி எடுத்தோம். குச்சியை உள்ளே விடவில்லை, அது சீழை இன்னும் ஆழமாகத் தள்ளும். பையனைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நோயுள்ள காது கூரையைப் பார்க்கும்படி வைத்தோம். அம்மா ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டார், நான் மடலைக் கீழ்நோக்கி இழுத்தேன். புட்டியின் நுனி காதில் படாமல் (பட்டால் கிருமி புட்டிக்குள் போகும்) ஐந்து சொட்டுகளைச் சுவரோரமாக விட்டேன். ஐந்து சொட்டு என்பது கால் மில்லிலிட்டர்தான்.

பிறகு, காதுத் துளைக்கு முன்னால் கன்னத்தை ஒட்டி இருக்கிறதே ஒரு சிறு மேடு, அதை விரலால் துளைப் பக்கமாக நான்கு தடவை மெல்ல அழுத்தி விட்டேன். மூன்றாவது அழுத்தலில் ஒரு குமிழி வெளியே வந்தது. வாசலில் நின்ற மருந்து சட்டென்று கீழே இறங்கியது. “போயிடுச்சு!” என்றார் அம்மா. மருந்து உள்ளே போனதற்கு வெளியில் தெரியும் அடையாளம் அதுதான். அந்தப் பையனுக்குச் செவிப்பறையில் சிறு ஓட்டை இருந்தது. நடுக்காதுக்கு மருந்தைத் தள்ளுவதும் இந்த அழுத்தல்தான். பெரியவர்களாக இருந்தால் அப்போது காது அடைத்தாற்போல இருக்கும். ஓட்டை உள்ளவர்களுக்குத் தொண்டையில் கசப்பும் தெரியலாம், நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு குழல் போகிறது.

ஓட்டை உண்டா இல்லையா என்பது மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜென்டமைசின், நியோமைசின் போன்ற சில மருந்துகள் ஓட்டை வழியே உட்காதை எட்டினால் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடும். அழுக்கை இளக்கும் சொட்டுகளும் ஓட்டையுள்ள காதுக்கு ஆகாது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை வீட்டில் இன்னொருவர் காதில் விட வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். ஓட்டை இருப்பது தெரியாமலிருந்தவருக்கு மருந்து போட்டதும் தொண்டையில் கசந்தால், அடுத்த வேளை போடுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அதன்பின் ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். சுவரெங்கும் பரவி, சீழோடு கலந்து, உள்ளே இறங்க மருந்துக்கு அவ்வளவு நேரம் தேவை. இரண்டு வயதுப் பையனுக்கு ஐந்து நிமிடம் ஒரு யுகம். அவன் அம்மா காதருகே குனிந்து மெல்லப் பாடினார், படுத்திருந்தான். வீட்டில் தூங்கும்போது போடுவது இன்னும் எளிது, மருந்து வெதுவெதுப்பாக இருந்தால் பெரும்பாலும் விழிப்பதில்லை. இரண்டு காதுக்கும் போட வேண்டுமென்றால் முதல் காதின் ஐந்து நிமிடம் முடிந்த பிறகே திருப்பிப் படுக்க வையுங்கள். எழுந்ததும் வழிவதை வெளியே மட்டும் துடைத்தால் போதும். துளைக்குள் பஞ்சைத் திணித்தால் போட்ட மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் மருந்து வாசலிலேயே நின்றால், துளை வீங்கி மூடியிருக்கலாம், அல்லது சீழும் அழுக்கும் அடைத்திருக்கலாம். அப்போது சொட்டைக் கூட்டிப் பயனில்லை. மருத்துவர் உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அல்லது வீங்கிய துளைக்குள் மெல்லிய திரியை வைத்து அதன் வழியே மருந்தை உள்ளே இறக்குவார்.