விழுக்காடுகளைக் கூட்டி வகுத்தால் தேர்ச்சி விழுக்காடு வராது

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலைக் கணித ஆசிரியராக இருக்கும் எனக்கு, ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாளே தேர்ச்சிப் பகுப்பாய்வுத் தாளைத் தயாரிக்கும் வேலையும் வந்து சேரும். ஒவ்வொரு பாடப்பிரிவிலும் தேர்வு எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர், விழுக்காடு எவ்வளவு என்று நிரப்பி, கடைசி வரியில் பள்ளியின் மொத்தத் தேர்ச்சி விழுக்காட்டைப் போட வேண்டும். அந்தக் கடைசி வரியில்தான் தவறு நடக்கிறது. நான் இந்தப் பொறுப்பை ஏற்பதற்கு முன்பு எங்கள் தாளிலும் அது நடந்திருக்கிறது. வேறு பள்ளிகளின் தாள்களிலும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தாளில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி அடையாளம் தெரியாதிருக்க எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு அப்படியே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு பாடப்பிரிவுகள். முதல் ஆண்டில் உயிரியல்-கணிதப் பிரிவில் 62 பேர் எழுதி 60 பேர் தேறினார்கள், 96.77 விழுக்காடு. கணினி அறிவியலில் 58 பேரில் 55 பேர், 94.83 விழுக்காடு. வணிகவியலில் 84 பேரில் 63 பேர், 75 விழுக்காடு. தொழிற்கல்விப் பிரிவில் 16 பேரில் 8 பேர், 50 விழுக்காடு. தாளைத் தயாரித்தவர் நான்கு விழுக்காடுகளையும் கூட்டி நான்கால் வகுத்து, பள்ளியின் தேர்ச்சி 79.15 விழுக்காடு என்று எழுதினார். அடுத்த ஆண்டும் அதே முறை. உயிரியல்-கணிதத்தில் 60-க்கு 57, கணினி அறிவியலில் 56-க்கு 52, வணிகவியலில் 90-க்கு 65, தொழிற்கல்வியில் 10-க்கு 8. விழுக்காடுகள் முறையே 95, 92.86, 72.22, 80. சராசரி 85.02.

ஓராண்டில் ஏறத்தாழ ஆறு புள்ளிகள் உயர்வு. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை அதைப் படித்துக் காட்டி எல்லோரையும் பாராட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் வணிகவியல் ஆசிரியர் தாளைப் புரட்டியபடியே, "போன வருஷம் ஃபெயில் ஆனவங்க 34 பேர், இந்த வருஷமும் 34 பேர்தானே மேடம் வருது?" என்று கேட்டார். சரிபார்த்தோம். முதல் ஆண்டில் தேறாதவர்கள் 2, 3, 21, 8. இரண்டாம் ஆண்டில் 3, 4, 25, 2. இரண்டுமே 34. எழுதியவர்கள் மட்டும் 220-இலிருந்து 216 ஆகக் குறைந்திருந்தார்கள். அப்படியானால் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்திருக்க வழியே இல்லை.

உண்மையான கணக்கு இது: முதல் ஆண்டில் தேறியவர்கள் 60, 55, 63, 8 ஆகியவற்றின் கூட்டல், 186 பேர், எழுதியவர்கள் 220 பேர், விழுக்காடு 84.55. இரண்டாம் ஆண்டில் 216 பேரில் 182 பேர், விழுக்காடு 84.26. அதாவது பள்ளி நூலளவு இறங்கியிருந்தது. ஆறு புள்ளி உயர்வு என்று நாங்கள் கொண்டாடியது, தொழிற்கல்விப் பிரிவு என்ற மிகச் சிறிய வகுப்பு 50-இலிருந்து 80-க்குப் போனதன் விளைவு. மற்ற மூன்று பிரிவுகளும் அந்த ஆண்டு சரிந்திருந்தன.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை ஒரு மாணவரின் கண்ணிலிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும். நான்கு விழுக்காடுகளின் சராசரியில் ஒவ்வொரு பிரிவுக்கும் 25 புள்ளிகள் ஒதுக்கப்படுகின்றன. அந்த 25 புள்ளிகளைத் தொழிற்கல்விப் பிரிவில் 16 பேர் பங்கிட்டுக் கொள்கிறார்கள், ஆளுக்கு 1.56 புள்ளி. வணிகவியலில் அதே 25 புள்ளிகளை 84 பேர் பங்கிட வேண்டும், ஆளுக்கு 0.30 புள்ளி. தொழிற்கல்வி மாணவர் ஒருவர் தவறினால், வணிகவியலில் ஐந்து பேர் தவறியதைவிட அதிகமாகப் பள்ளியின் எண் குறைகிறது. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவில் பத்தே பேர் இருந்ததால் ஆளுக்கு 2.5 புள்ளி ஆகிவிட்டது. 186-ஐ 220-ஆல் வகுக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. எந்தப் பிரிவில் படித்தாலும் ஒருவருக்கு 0.45 புள்ளி.

எல்லா வகுப்புகளிலும் தேர்வு எழுதியோர் எண்ணிக்கை சமமாக இருந்தால், அல்லது எல்லா வகுப்புகளின் விழுக்காடும் ஒன்றாகவே இருந்தால், இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தரும். ஏறக்குறைய சமமாக இருந்தால் ஏறக்குறைய ஒரே விடை வரும். இந்தத் தவறு பல ஆண்டுகள் பிடிபடாமல் ஓடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 40, 42, 41 என்று மூன்று பிரிவுகள் உள்ள பத்தாம் வகுப்பில் சராசரி எடுத்துப் பழகியவருக்கு விடை தசமத்தில்தான் மாறும். அந்தப் பழக்கத்தோடு அவர் மேல்நிலை வகுப்புத் தாளைத் தொடும்போதுதான் சிக்கல்.

பெரிய எண்களில் இதைப் பார்க்க விரும்புகிறவர்கள் 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவை எடுத்துக்கொள்ளலாம். மாணவியர் 4,08,440 பேர் எழுதி 3,93,890 பேர் தேறினார்கள், 96.44 விழுக்காடு. மாணவர்கள் 3,52,165 பேர் எழுதி 3,25,305 பேர் தேறினார்கள், 92.37 விழுக்காடு. மூன்றாம் பாலினத்தவர் ஒருவர் எழுதித் தேறினார், 100 விழுக்காடு. மொத்தத் தேர்ச்சி 7,60,606 பேரில் 7,19,196 பேர், 94.56 விழுக்காடு என்றுதான் அரசு வெளியிட்டது, அதுவே சரியானது. மாணவியர், மாணவர் விழுக்காடுகளை மட்டும் சராசரி எடுத்தால் 94.41 வரும், இரு தரப்பும் எண்ணிக்கையில் நெருங்கியிருப்பதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது வரியையும் சேர்த்து மூன்றால் வகுத்துப் பாருங்கள், 96.27 ஆகிவிடும். அந்த விழுக்காடு உண்மையாக இருக்க வேண்டுமானால் இன்னும் சுமார் 13,000 பேர் தேறியிருக்க வேண்டும். ஒருவர் பெற்ற தேர்ச்சிக்கு நான்கு லட்சம் பேருக்குச் சமமான எடையைக் கொடுத்ததால் வந்த வினை அது.

கணினியில் இந்தத் தவறு நுழையும் இடம் குறிப்பிட்ட ஒன்று. விரிதாளில் எழுதியோர் C நெடுவரிசையிலும், தேறியோர் D-யிலும், விழுக்காடு E-யிலும் இருக்கும். மொத்த வரியில் C-க்கும் D-க்கும் கூட்டல் போட்டவுடன், E-க்கும் ஏதாவது ஒன்று போட வேண்டுமே என்று கை தானாக இந்தச் சூத்திரத்துக்குப் போகிறது:

```
=AVERAGE(E2:E5)
```

அங்கே இருக்க வேண்டியது இது:

```
=SUM(D2:D5)/SUM(C2:C5)*100
```

உண்மையில் இதைத் தனியாகத் தட்டச்சு செய்யவும் தேவையில்லை. மேல் வரிகளில் விழுக்காட்டுக்குப் போட்ட அதே சூத்திரத்தை மொத்த வரிக்கும் இழுத்துவிட்டால், அங்குள்ள மொத்தத் தேறியோரை மொத்தம் எழுதியோரால் வகுத்துச் சரியான விடையைத் தந்துவிடும்.

பிறர் தயாரித்த தாள் கைக்கு வரும்போது, சூத்திரம் தெரியாவிட்டாலும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 220 பேர் எழுதிய தேர்வில் தேறியோர் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். 174 பேர் தேறினால் 79.09 விழுக்காடு, 175 பேர் தேறினால் 79.55. இவற்றுக்கு நடுவே வேறு விழுக்காடு கிடையாது. ஆகவே 79.15 என்ற எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே, அதை 220-ஆல் பெருக்கி நூறால் வகுத்து, 174.13 ஆள் என்று வந்தவுடன், இது தலைகளை எண்ணி வந்த விழுக்காடு அல்ல என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் விழுக்காடுகள் நெருக்கமாகிவிடுவதால் இந்தச் சோதனை பயன்படாது. ஒரு பள்ளி அளவில் நன்றாகவே பிடிக்கும்.

சில நேரங்களில் நமக்கு விழுக்காடும் எழுதியோர் எண்ணிக்கையும் மட்டுமே கிடைக்கும். அப்போது பின்னோக்கிப் போகலாம். 62 பேரில் 97 விழுக்காடு என்றால் 60.14, எனவே 60 பேர். சிறிய வகுப்புகளில் இப்படி எண்ணிக்கையை அப்படியே மீட்டுவிடலாம். 250 பேர் எழுதியிருந்து, தசமம் இல்லாமல் 97 விழுக்காடு என்று மட்டும் எழுதியிருந்தால், அது 242 பேராகவும் இருக்கலாம், 243 பேராகவும் இருக்கலாம். அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியோர் எண்ணிக்கையே இல்லாமல் விழுக்காடுகள் மட்டும் வந்தால், மொத்த விழுக்காடு அவற்றில் மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. அந்த நிலையில் சராசரி எடுத்துக் கட்டத்தை நிரப்புவதைவிட, கட்டத்தை வெறுமையாக விட்டு எண்ணிக்கை கேட்டு அனுப்புவதே நேர்மை.

எண்ணிக்கைகளைக் கூட்டுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு மாணவர் ஒரே ஒரு வரியில்தான் இருக்க வேண்டும். பாடப்பிரிவு வாரியான தாளில் இது தானாக நிறைவேறுகிறது. பாடவாரியான தாளில் நிறைவேறாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆறு பாடங்கள். தமிழ், ஆங்கிலம், இயற்பியல் என்று பாடவாரியாகத் தேறியோரைக் கூட்டினால் ஒரே மாணவர் ஆறு முறை எண்ணப்படுகிறார். ஆறிலும் தேறினால்தான் அவர் தேறியவர் என்பதால், ஐந்தில் தேறி ஒன்றில் தவறியவர் இந்தக் கூட்டலில் ஆறில் ஐந்து பங்கு தேறியவராகத் தோன்றுவார். பாடவாரி விழுக்காடுகளைச் சராசரி எடுத்தாலும் சரி, அவற்றின் எண்ணிக்கைகளைக் கூட்டினாலும் சரி, பள்ளியின் தேர்ச்சி கிடைக்காது. பெயர்ப் பட்டியலிலிருந்துதான் எண்ண வேண்டும். தேர்வுக்கு வராதவர்களை ஒரு பிரிவில் எண்ணிக்கையில் சேர்த்து, இன்னொரு பிரிவில் விட்டுவிட்டாலும் கூட்டல் பொருளற்றதாகிவிடும்.

பிரிவுகளின் சராசரி எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. "நம் பள்ளியில் ஒரு பாடப்பிரிவு பொதுவாக எந்த நிலையில் இருக்கிறது?" என்பது கேள்வியானால், ஒவ்வொரு பிரிவுக்கும் சம எடை தருவது பொருத்தமே. அதற்குப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு என்று பெயர் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பொறுப்பு என்னிடம் வந்தது. நான் செய்த முதல் மாற்றம், தாளில் "தேறாதோர்" என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்ததுதான். 72.22 என்று இருந்தவரை வணிகவியல் பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லை. 34 பேரில் 25 பேர் அங்கே இருக்கிறார்கள் என்று அந்த நெடுவரிசை காட்டியதும், துணைத் தேர்வுக்கான மாலை வகுப்புகளை எந்தப் பிரிவுக்கு முதலில் வைப்பது என்ற பேச்சு தொடங்கியது.